முதல் மேடைப் படத்துக்கு ஒரு கேப்ஷன்: பயத்தையும் சொல்லணும், டீச்சருக்கு நன்றியும் சொல்லணும்

காவேரிக்கரை | 6 அக்டோபர் 2024, இரவு 9.40

நேற்று சனிக்கிழமை, நவராத்திரி மூன்றாம் நாள், எங்கள் குடியிருப்பில் இருக்கும் பிள்ளையார் கோயில் மேடையில் முதன்முதலாகப் பாடினேன். திருச்சி. எனக்கு 41 வயது. ஆறு வருடமாகக் கற்றுக்கொள்கிறேன், மேடை இதுதான் முதல் தடவை. வயலின், மிருதங்கம் பக்கவாத்தியம். மொத்தம் 25 நிமிடம்: மோகன வர்ணம், ஒரு பிள்ளையார் கீர்த்தனை, அம்மன் மேல் ஒரு தமிழ்ப் பாட்டு, கடைசியில் திருப்புகழ்.

கணவர் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. அதை முகநூலிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட வேண்டும். கூட எழுத இரண்டு மூன்று வரி வேண்டும். நான் எழுதியது இது:

"முதல் மேடை. குருவே சரணம். என்னை உருவாக்கிய டீச்சருக்குக் கோடி நன்றிகள்."

எழுதி முடித்துப் படித்தால் எனக்கே ஒட்டவில்லை. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி இது. நேற்று எனக்குக் கை நடுங்கியது, நாக்கு ஒட்டிக்கொண்டது. டீச்சர் இல்லாவிட்டால் வர்ணத்தின் நடுவிலேயே நின்றிருப்பேன். இந்த இரண்டும் அதில் வரவேண்டும். எப்படி எழுதலாம்?

பொன்வண்டு | 6 அக்டோபர், இரவு 10.05

வாழ்த்துகள் சகோதரி. மேடைக்குப் பின்னால் கட்டும் ஃபிளெக்ஸ் என்றால் நன்றி வரிகள் வேண்டாம், தூரத்திலிருந்து படிக்க முடியாது. பெயர், தேதி, "இன்னிசை நிகழ்ச்சி", அவ்வளவு போதும். போன வருடம் என் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு நான்தான் அடித்துக்கொடுத்தேன். எட்டுக்கு நாலு அடியில் பதினைந்து சொல்லுக்கு மேல் போட்டால் எழுத்து சிறுத்துவிடும். மகள் கரோக்கேயில் ஒரு சினிமாப் பாட்டு பாடினாள். அவளுக்கும் பயம்தான். பாதியில் டிராக் நின்றுவிட்டது, ஆனாலும் கைதட்டினார்கள்.

காவேரிக்கரை | 6 அக்டோபர், இரவு 10.20

ஃபிளெக்ஸ் இல்லை அண்ணா, நிகழ்ச்சி முடிந்துவிட்டது. படத்துக்குக் கீழே எழுதும் வரி. ஆனால் பதினைந்து சொல் என்று சொன்னது நல்ல அளவு. டிராக் நின்ற பிறகும் மகள் பாடி முடித்தாளா? அதைச் சொல்லவில்லையே.

ராகப்பித்தன் | 6 அக்டோபர், இரவு 11.15

"முதல் மேடை" என்று எழுதுங்கள், "அரங்கேற்றம்" என்று எழுதிவிடாதீர்கள். அரங்கேற்றம் பரதநாட்டியத்துக்கு மட்டும் உரிய சொல்.

இன்னொன்று, நீங்கள் பாடியது நின்னுகோரி வர்ணம் என்றால் அது வசந்தா ராகம். கேப்ஷனில் ராகத்தின் பெயர் போடுவதானால் சரிபார்த்துப் போடுங்கள். இசை தெரிந்தவர்கள் பார்ப்பார்கள்.

சுருதிப்பெட்டி | 7 அக்டோபர், காலை 6.10

நான் அரசுப் பள்ளியில் 27 வருடம் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு விஷயத்தையும் கொஞ்சம் திருத்த வேண்டும் தம்பி.

நின்னுகோரி என்று தொடங்கும் வர்ணம் வசந்தாவிலும் இருக்கிறது, மோகனத்திலும் இருக்கிறது. இரண்டும் ஆதி தாளம். அதனால்தான் இந்தக் குழப்பம். மோகனத்தில் மத்தியமமும் நிஷாதமும் கிடையாது, வசந்தாவில் பஞ்சமம் கிடையாது. முதல் வரி கேட்டாலே தெரிந்துவிடும். மோகனத்தில் இருப்பது ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார் செய்தது, பூச்சி ஐயங்கார் என்பார்கள். அவருடைய சீடர்தான் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். இன்று நாம் கேட்கிற கச்சேரி முறையை அமைத்தவர் என்று அரியக்குடியைத்தான் சொல்கிறோம். தொடக்கத்தில் வர்ணம் பாடிக் குரலைப் பதப்படுத்திக்கொள்ளும் வழக்கமும் அதில் சேர்ந்தது. ஆக, இந்தப் பெண் முதல் மேடையில் முதல் பாட்டாக எடுத்தது அந்தக் குருவின் வர்ணம், எடுத்த இடம் அந்தச் சீடர் வகுத்த இடம். அவருடைய டீச்சர் இதை யோசித்துத்தான் கொடுத்தாரோ, பழக்கத்தில் கொடுத்தாரோ தெரியாது. எனக்குக் கேட்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

அரங்கேற்றம் நாட்டியத்துக்கு மட்டும் இல்லை. திருச்சிக்காரரிடம் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை, ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னதிக்கு எதிரில் கம்பர் அரங்கேற்றிய மண்டபம் என்று ஒரு மண்டபம் இருக்கிறது. அங்கே அரங்கேறியது பாட்டு, ஆட்டம் இல்லை. ஆனால் "அரங்கேற்றம்" வேண்டாம் என்று தம்பி சொன்ன முடிவு சரிதான், காரணம் வேறு. முழுக் கச்சேரி செய்யத் தயார் என்று குரு அனுப்பி வைப்பது அரங்கேற்றம். 25 நிமிடத்துக்கு அந்தச் சொல்லைப் போட்டால் டீச்சருக்குத்தான் சங்கடம்.

ராகப்பித்தன் | 7 அக்டோபர், காலை 8.30

மோகன வர்ணத்தை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன், இரண்டும் ஒரே சொல்லில் தொடங்குவது இதுவரை தோன்றவே இல்லை. நன்றி அம்மா.

வலந்தலை | 7 அக்டோபர், மதியம் 1.30

மிருதங்கம் வாசிக்கிறேன், 22 வருடம். முதல் மேடைக்காரர்களுக்கு நிறைய வாசித்திருக்கிறேன். கேப்ஷன் எழுத எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். "நடுவில் நின்றிருப்பேன்" என்கிறீர்களே, எந்த இடத்தில்? டீச்சர் என்ன செய்தார்? அதைச் சொல்லுங்கள். வரி அதிலிருந்துதான் வரும்.

காவேரிக்கரை | 7 அக்டோபர், இரவு 10.50

சரி, முழுதாகச் சொல்கிறேன். இன்று ஆபீஸிலிருந்து வந்து பதிவைப் போட்டுக் கேட்டேன். பக்கத்தில் நோட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆவர்த்தனத்துக்கும், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கும், எத்தனை வினாடி என்று குறித்தேன்.

வகுப்பில் வர்ணத்தை ஓர் ஆவர்த்தனம் 10 வினாடிக்குப் பாடுவேன். டீச்சர் பல மாதம் அந்த ஓட்டத்தில்தான் பாட வைத்தார். மேடைக்கு இரண்டு நாள் முன்னால், "அங்கே உனக்கு 10 வினாடி 12 மாதிரித் தெரியும், இழுக்கிற மாதிரி இருக்கும், அதை நம்பாதே" என்றார். கேட்டுக்கொண்டேன், ஆனால் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது.

பதிவில் பல்லவி 10 வினாடியில் தொடங்குகிறது. அனுபல்லவி வருவதற்குள் 9. அதை அடுத்து வரும் முத்தாயி சுரத்தில் 8. எனக்கு மேடையில் எதுவுமே வேகமாகத் தெரியவில்லை. அதுவரை முதல் காலம், 8 வினாடியிலும் ஒருவழியாகப் பாடிவிடலாம். அடுத்து அதையே இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், பாட வேண்டும். வகுப்பில் 10 வினாடிக்கு 64 சுரம் வரும். அன்று அதே 64 சுரம் 8 வினாடிக்குள் வர வேண்டும். எனக்கு அந்த வேகத்தில் பாடிப் பழக்கமே கிடையாது. இரண்டாம் காலம் தொடங்கிய இரண்டாவது ஆவர்த்தனத்தில் சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, மூச்சு எடுக்க இடமே இல்லை. தொடையில் தாளம் போடும் என் கை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போது டீச்சரைப் பார்த்தேன். முதல் வரிசை, ஓரத்து நாற்காலி. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், வழக்கத்தைவிடக் கையைக் கொஞ்சம் உயர்த்தி, அடி ஒவ்வொன்றும் தெரியும்படி. அவர் கை என் கையைவிட மெதுவாகப் போனது. அதைப் பார்த்து என் கையை நிறுத்திக்கொண்டு, அவருடைய அடுத்த சமத்துக்கு, சுற்றின் முதல் அடிக்கு, சேர்ந்தேன். சரணத்தில் 9 வினாடிக்கு வந்திருக்கிறது. முழுதாக 10 வரவில்லை, ஆனால் பாட முடிகிற 9.

இதை வைத்து இப்போது எழுதியது:

"வர்ணத்தில் பயந்து ஓடினேன். முதல் வரிசையில் டீச்சரின் கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பாடி முடித்தேன்."

பொன்வண்டு | 7 அக்டோபர், இரவு 11.10

இது நல்லா இருக்கு. எண்ணிப் பார்த்தேன், பதினைந்து சொல்லுக்குள்தான் வருகிறது. மகள் பாடி முடித்தாள், கேட்டீர்களே என்று சொல்கிறேன். மியூசிக் இல்லாமல் கடைசி வரை.

ராகப்பித்தன் | 8 அக்டோபர், காலை 7.00

"பயந்து ஓடினேன்" வேண்டாம் என்று எனக்குப் படுகிறது. தாளத்தில் ஓடினீர்கள் என்பது இசை தெரிந்தவருக்குத்தான் புரியும். மற்றவர்கள் மேடையை விட்டு எழுந்து ஓடிவிட்டீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம், குறையை நீங்களே ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும்? பாதிப் பேர் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

காவேரிக்கரை | 8 அக்டோபர், காலை 7.45

முதல் பகுதி சரி, என் மாமியாரும் அப்படித்தான் படித்தார். "எழுந்து ஓடினியா?" என்று கேட்டார். மாற்றுகிறேன்.

இரண்டாவதை ஏற்க முடியவில்லை. பயத்தை எடுத்துவிட்டால் டீச்சர் செய்தது ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிடும். நான் நன்றாகப் பாடினேன், அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார் என்று வரும். நான் நன்றி சொல்ல வந்ததே அந்த ஒன்றரை நிமிடத்துக்குத்தான்.

சுருதிப்பெட்டி | 8 அக்டோபர், காலை 9.20

அந்த ஒன்றரை நிமிடம் மட்டும்தானா அம்மா? இரண்டு நாள் முன்பே "10 வினாடி 12 மாதிரித் தெரியும்" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், எத்தனை பிள்ளைகளை மேடையில் ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும்! பயத்தில் நெஞ்சு வேகமாக அடிக்கும், மூச்சு மேலேயே நின்றுவிடும். மூச்சு குறைந்தால் வரியைச் சீக்கிரம் முடிக்கத் தோன்றும். அப்படித்தான் காலப்பிரமாணம் ஏறுகிறது. நான் பிள்ளைகளை மேடைக்கு அனுப்பும்போது தொடங்கும் முன் பல்லவியை மனதுக்குள் ஒரு ஆவர்த்தனம் பாடச் சொல்வேன், வாயைத் திறக்காமல். அந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். பாதிதான்.

உங்கள் டீச்சர் அன்று வேறு என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். மேடையில் தெரிந்தது கை மட்டும்.

காவேரிக்கரை | 8 அக்டோபர், இரவு 11.30

யோசித்தேன். நிறைய வருகிறது.

மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லி, கீழ் ஸ்தாயி மட்டும் அரைமணி நேரம் பாட வைத்தார். மேல் ஷட்ஜத்தைத் தொடவே விடவில்லை. நான் அனுபல்லவி ஒரு தடவை பாடிப் பார்க்கிறேன் என்றதற்கு, "அதை மேடைக்கு வைத்துக்கொள்" என்றார்.

மேடை ஏறியதும் சுருதிப்பெட்டியை எடுத்து என் இடது பக்கம் ஒரு முழம் தள்ளி, என் காதுக்கு நேராகத் திருப்பி வைத்தார். மைக் செட்காரரிடம் போய், எனக்கு முன்னால் இருந்த ஸ்பீக்கரில் சுருதி கேட்கும்படி ஏற்றச் சொன்னார். எனக்குப் பின்னால் பாடிய பெண் சுருதியை மொபைலில் போட்டு மடியில் வைத்திருந்தார். மிருதங்கம் தொடங்கியதும் அது அவருக்குக் கேட்கவே இல்லை என்று அப்புறம் சொன்னார்.

என் சுருதி 5 கட்டை. போன வாரம் பயத்தில் நாலரைக்கு இறக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். "ஆறு வருஷமா அஞ்சு கட்டையிலதான் உன் தொண்டை இடம் கண்டு வச்சிருக்கு. நாலரைக்குப் போனால் மேலே சுலபமா இருக்கும், கீழே பஞ்சமம் காத்தாப் போயிடும், அங்கே போய்ப் புதுசாத் தேடுவியா?" அன்று அது சரியாகத்தான் இருந்தது. ஓட்டம் போனது, சுருதி போகவில்லை.

இதையெல்லாம் கேப்ஷனில் போட முடியாது. ஆனாலும் எழுதி வைக்க ஓர் இடம் வேண்டும், அதனால் இங்கே எழுதுகிறேன்.

காவேரிக்கரை | 9 அக்டோபர், காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஆறு வருடம் என்று எழுதிவிட்டேன். நடுவில் கொரோனா சமயத்தில் எட்டு மாதம் வகுப்பே இல்லை. பிறகு டீச்சர் போனில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். போனில் சேர்ந்து பாட முடியாது, அவர் குரல் கொஞ்சம் தாமதமாக வரும். அதனால் அவர் ஒரு வரி பாடி நிறுத்துவார், நான் அதைத் திருப்பிப் பாடுவேன். அவர் கூடப் பாடாமல் தனியாகப் பாடப் பழகியது அப்போதுதான். இதுவரை அதை நினைத்துப் பார்த்ததே இல்லை.

வலந்தலை | 9 அக்டோபர், மதியம் 2.10

அந்தப் படத்தில் டீச்சர் தெரிகிறாரா? தெரிந்தால் எப்படித் தெரிகிறார்?

காவேரிக்கரை | 9 அக்டோபர், இரவு 9.15

தெரிகிறார். கணவர் பக்கவாட்டில் நின்று எடுத்தது. நடுவில் நான், வாய் திறந்திருக்கிறது. கீழ் மூலையில் டீச்சர். கொண்டையும் அதைச் சுற்றி மல்லிகைப் பூவும், முகத்தில் பாதி, மடியில் வலது கை. பெரிதாக்கிப் பார்த்தேன், கட்டைவிரல் தனியாக இருக்கிறது, மோதிர விரல் நுனி தொடையில் பட்டிருக்கிறது. லகுவில், அதாவது தாளத்தின் முதல் நாலு எண்ணிக்கையில், மூன்றாவது. என் கையைப் பார்த்தால் நடுவிரல் இறங்கிவிட்டது, நான் நாலாவதில் இருக்கிறேன். அவர் மூன்று, நான் நாலு. ஓடியது படத்திலேயே தெரிகிறது!

அவர் முகம் மட்டும் என் பக்கம் இல்லை, இடது பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களைப் பார்த்திருப்பார்.

வலந்தலை | 9 அக்டோபர், இரவு 10.00

அவருக்கு இடது பக்கம் மேடையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? உங்கள் வலது பக்கம் மிருதங்கம்தானே? வலது கையால் வாசிக்கும் பக்கமான வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதால் நாங்கள் அங்கேதான் உட்காருவோம். சபையிலிருந்து பார்த்தால் அது இடது பக்கம்.

அவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மிருதங்கக்காரரைப் பார்க்கிறார். பதிவை மறுபடி போட்டு, இரண்டாம் காலத்தில் மிருதங்கத்தை மட்டும் கேளுங்கள். சொற்கள் குறைகிறதா, தாளத்தை மட்டும் நேராகக் காட்டும் வெறும் சர்வலகு வருகிறதா என்று.

காவேரிக்கரை | 9 அக்டோபர், இரவு 11.55

கேட்டேன். ஹெட்போன் போட்டு மூன்று தடவை.

முத்தாயி சுரம் வரை என்னோடு நிறைய வாசித்துக்கொண்டு வருகிறார். இரண்டாம் காலத்தில் நான் குழம்பும் இடத்துக்கு முன்பே அவர் குறைத்துவிட்டார். வெறும் சர்வலகு, ஒவ்வோர் அடியும் தனியாக, அழுத்தமாக. நான் முன்னால் போகிறேன், அவர் என்னோடு வரவில்லை. ஓர் ஆவர்த்தனம் அப்படி இருவரும் தனித்தனியாகப் போகிறோம். அதன் பிறகுதான் நான் நிற்கிறேன்.

நான் டீச்சர் கையைப் பார்த்துத் திரும்பினேன் என்று ஐந்து நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் அவர் கை எனக்காக உயரவில்லையா? தூக்கம் வரவில்லை.

வலந்தலை | 10 அக்டோபர், காலை 8.40

உங்களுக்காகத்தான். வழி மட்டும் வேறு.

பொதுவாக நாங்கள் பாடகருக்குப் பின்னால் போக வேண்டியவர்கள். அவர் ஓட்டத்தை ஏற்றினால் நாமும் ஏற்றியாக வேண்டும், மேடையில் வைத்து இழுத்துப் பிடிப்பது மரியாதை இல்லை. அவர் முதல் தடவை ஏறியவரானாலும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் குரு முன் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தாளத்தை உயர்த்திக் காட்டினால், "பிடித்துக்கொள்" என்று எனக்கு அனுமதி கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். அன்று வாசித்தவர் அதைப் புரிந்துகொண்டிருக்கிறார். நான் இருந்தால் இன்னும் ஓர் ஆவர்த்தனம் பொறுத்திருப்பேனோ என்னவோ.

சுருதிப்பெட்டி | 10 அக்டோபர், காலை 10.00

மரியாதை பெரிய வித்வானுக்குச் சரி. முதல் மேடைப் பிள்ளைக்குப் பின்னால் மிருதங்கமும் சேர்ந்து ஓடினால் பிள்ளை விழும். அனுமதிக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? நான் பக்கவாத்தியக்காரரிடம் மேடைக்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன், "இவள் ஓடுவாள், நீங்கள் ஓடாதீர்கள்" என்று.

வலந்தலை | 10 அக்டோபர், காலை 10.25

முன்னால் சொல்லிவிட்டால் சரி அம்மா. சொல்லாமல் நானாகப் பிடித்தால், பாடுபவர் அதை மிருதங்கம் தாளம் தவறுகிறது என்று நினைத்துக்கொள்வார். எனக்கு நடந்திருக்கிறது. இரண்டு பேரும் தடுமாறினோம். இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

ராகப்பித்தன் | 10 அக்டோபர், இரவு 8.00

காவேரிக்கரை, டீச்சரையே கேட்டுவிடுங்கள். நாளை மறுநாள் விஜயதசமி, போவீர்கள்தானே. சும்மா கேட்கிறேன், புதுப் பாடம் எந்த ராகம்? வராளியைக் குரு நேரே சொல்லிக்கொடுக்க மாட்டார்கள், சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் பிரிவு வந்துவிடும் என்று என் பாட்டி சொல்வார்.

சுருதிப்பெட்டி | 10 அக்டோபர், இரவு 8.40

அந்த நம்பிக்கை உண்டு. என் குரு பக்கத்து அறையில் உட்கார்ந்து பாடினார், நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுப் படித்தேன். பிரிவு வரவில்லை, அவர் போகும்வரை போய்க்கொண்டிருந்தேன்.

காவேரிக்கரை | 12 அக்டோபர், இரவு 9.30

போய்வந்தேன். தாம்பூலம், பழம், ஒரு புடவை வைத்து நமஸ்காரம் செய்தேன். பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு பேர் கூடத்தில். எல்லோரும் போன பிறகு படத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலைப் பார்த்து, "நீ நாலுல இருக்க" என்றார் முதலில்.

பிறகு கேட்டேன், மிருதங்கத்தைப் பார்த்தீர்களா என்று. ஆமாம் என்றார். "ஏன் டீச்சர் என்னைப் பார்க்கவில்லை?" என்றேன்.

"அந்த நேரத்துல நான் உன்னைப் பார்த்தா, தப்பு பண்ணிட்டோம்னு உனக்குத் தெரிஞ்சுடும்மா. அவரைப் பார்த்தேன். கையை நீயே பார்த்துக்குவேன்னு தெரியும், ஆறு வருஷமா என் கையைத்தானே பார்க்கற."

எனக்குப் பேச வரவில்லை. காபி கொண்டுவந்தார், குடித்தேன்.

கேப்ஷனைப் படித்துக் காட்டினேன். "என் கைன்னு மட்டும் எழுதாதே, அவர் பிடிக்கலைன்னா என் கை என்ன பண்ணும்" என்றார். மிருதங்கக்காரரை முதலில் எழுதச் சொன்னார். சங்கடத்தோடு, "கோடி நன்றி"யையும் எடுத்துவிட்டேன் என்று சொன்னேன், நல்லது என்றார். "டீச்சர்" என்றே எழுதட்டுமா, "குரு" என்று எழுதட்டுமா என்றதற்கு, "நீ என்னை என்னன்னு கூப்பிடற? அதை எழுது" என்றார்.

இப்போது போட்டுவிட்டேன்:

"முதல் மேடை. பயத்தில் தாளம் முன்னால் போய்விட்டது. மிருதங்கம் விடாமல் பிடித்துக்கொண்டது. அதைப் பிடிக்கச் சொன்னது, கீழே மூலையில் தெரிகிற டீச்சரின் கை."

பதினைந்தைத் தாண்டிவிட்டது பொன்வண்டு அண்ணா.

பொன்வண்டு | 12 அக்டோபர், இரவு 9.50

ஃபிளெக்ஸ் இல்லையே, பரவாயில்லை. மகளிடம் படித்துக் காட்டினேன். அவள் டீச்சருக்கும் ஒன்று எழுத வேண்டுமாம், உட்கார்ந்திருக்கிறாள்.

ராகப்பித்தன் | 12 அக்டோபர், இரவு 10.15

பயத்தை எடுக்கச் சொன்னேன், வாபஸ். புதுப் பாடம் என்ன என்று இன்னும் சொல்லவில்லை.

காவேரிக்கரை | 12 அக்டோபர், இரவு 10.40

புதுப் பாடம் இல்லை. அதே மோகன வர்ணம். இந்தத் தடவை ஓர் ஆவர்த்தனம் 12 வினாடியில். ஒரு வரி பாடுவதற்குள் மூச்சு இரண்டு தடவை தீர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைக்குள் பல்லவி மட்டுமாவது சரியாக வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.